ஹோட்டலுக்கு எழுதும் பிக்கப் மெயில்: தேதி, டெர்மினல், நிற்கும் இடம்

கேள்வி: அண்ணே, அக்காவும் அத்தானும் ரெண்டு பிள்ளைகளும் அத்தானுடைய அம்மாவும் துபாயிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறார்கள். ராத்திரி 9.40-க்கு அங்கே ஏறினால் 3.10-க்கு திருவனந்தபுரம். வீட்டில் ஆள் நிறைந்துவிட்டதால் கன்னியாகுமரியில் ரூம் போட்டிருக்கிறோம். ஹோட்டலிலிருந்தே கார் அனுப்புவார்களாம், விவரத்தை மெயிலில் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதி வைத்திருப்பது: "ஏப்ரல் 18 நைட் ஃபிளைட், 3.10-க்கு வரும், 5 பேர், ஏர்போர்ட்டில் கார் வேண்டும்." இது போதுமா?

போதாது தம்பி. இப்படியே அனுப்பினால் கார் ஒரு நாள் முன்னாலேயே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடும், உன் அக்கா இறங்குகிற ராத்திரியில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கன்னியாகுமரி ஹோட்டல்களில் வரவேற்பு மேஜையில் 11 வருஷம் இருந்தவன் நான், அதில் பாதிக்கு மேல் நைட் ஷிஃப்ட். இந்த மாதிரி மெயில்களை அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த ஆள் என்பதால், அது எங்கே போய் எப்படி உடைகிறது என்று தெரியும். அதைச் சொல்லிவிட்டு மெயிலையும் எழுதித் தருகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். உன் மெயிலை வாசிக்கிறவர் ஏர்போர்ட்டில் போய் நிற்கப் போவதில்லை. பகலில் ரிசர்வேஷன் பார்க்கிற ஆள் திறந்து படிப்பார், "ஓகே சார்" என்று ஒரு பதில் போடுவார், பிக்கப் நோட்டில் ஒரு வரி எழுதி வைப்பார். கார் ஏற்பாடு செய்கிறவர் அந்த ஒரு வரியைப் பார்த்து டிரைவருக்குப் போன் போடுவார், அல்லது வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். ஹோட்டலுக்குச் சொந்தமாக வண்டி இருந்தாலும் பெரும்பாலும் டிரைவர் வெளி ஆள்தான், சில சமயம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிற மலையாளி டிரைவராகக்கூட இருப்பார். ஆக நீ எழுதியது மூன்று கை மாறிப் போகிறது, ஒவ்வொரு கையிலும் ஒரு விவரம் உதிர்கிறது. கடைசியில் டிரைவரிடம் மிஞ்சுவது "18 நைட், ஏர்போர்ட், 5 பேர்" என்பது மட்டும். அதனால் மெயிலின் நடுவில், அப்படியே வெட்டி டிரைவருக்கு அனுப்புகிற மாதிரி ஏழெட்டு வரி தனியாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு மேலேயும் கீழேயும்.

இனி தேதிக்கு வருவோம், ஏனென்றால் கல்ஃப் விமானத்தில் பெரிய தப்பு நடப்பது இங்கேதான். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 18-ம் தேதி சனிக்கிழமை ராத்திரி 9.40 என்றால் இங்கே 11.10. சுமார் நாலு மணி நேரம் பறந்தால் 3.10, ஆனால் அது 19-ம் தேதி, ஞாயிறு அதிகாலை. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கணக்கிலும், சேரும் நேரம் சேரும் ஊரின் கணக்கிலும் அச்சாகியிருக்கும், சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அந்த +1-ஐ யாரும் கவனிப்பதில்லை. வீட்டிலும் "சனிக்கிழமை ராத்திரி வருகிறார்கள்" என்றே பேசிப் பழகிவிடுகிறோம், நமக்குத் தூங்கி எழுந்தால்தானே மறுநாள். ஆனால் நைட் ஷிஃப்ட் ஆளுக்கு "18, 3.10" என்றால் 18-ம் தேதி பிறந்து மூன்று மணி பத்து நிமிஷம், அதாவது வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கி சனிக்கிழமை விடிவதற்கு முன். சிலர் அதை மதியம் 3.10 என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில் இப்படித்தான் ஆனது. மஸ்கட்டிலிருந்து ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. அவர்கள் எழுதியது புறப்படும் தேதி, நாங்கள் எடுத்துக்கொண்டது சேரும் தேதி. டிரைவர் ஒரு நாள் முன்னால் போய் இரண்டு மணி நேரம் பலகையோடு நின்றுவிட்டு, "ஆள் வரல்ல சார்" என்று திரும்பி வந்தார். நோட்டில் "கெஸ்ட் வரவில்லை" என்று எழுதி விஷயத்தை முடித்துவிட்டோம். மறுநாள் அதிகாலை நாலு மணிக்கு அந்த அம்மா குழந்தையை வைத்துக்கொண்டு போன் செய்தபோது எடுத்தது நான்தான். நாங்கள் இங்கிருந்து வண்டி கிளப்பி அங்கே போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். அந்தக் குரல் இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பிக்கப் மெயில் வந்தால் தேதியையும் கிழமையையும் நானே போன் செய்து கேட்காமல் நோட்டில் ஏற்றியதில்லை, ஆனால் எல்லா ஹோட்டலிலும் அப்படிக் கேட்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

அதனால் "நைட்" என்ற சொல்லே மெயிலில் வேண்டாம். சேரும் தேதி, கிழமை, 24 மணி நேரக் கணக்கில் நேரம், பக்கத்தில் "அதிகாலை", இந்திய நேரம் என்று எழுது. அதோடு மறக்காமல் இன்னொரு வரி: "அதாவது சனிக்கிழமை இரவு 12 மணிக்குப் பிறகு, கார் சனிக்கிழமை நள்ளிரவில் கன்னியாகுமரியிலிருந்து கிளம்ப வேண்டும்." டிரைவருக்கு உண்மையில் தேவையான நேரம் அதுதான். அவர் யோசிப்பது விமானம் எப்போது இறங்கும் என்பதை அல்ல, தான் எப்போது வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதை. மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயராக எழுது, கிழமையையும் விடாதே. தேதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் வாசிக்கிறவர் நின்று யோசிப்பார், அந்த யோசனையில்தான் தப்பு பிடிபடும்.

அடுத்தது விமான எண். "ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், துபாயிலிருந்து" என்பது போதாது, டிக்கெட்டில் இருக்கிற இரண்டு எழுத்தும் எண்ணும் அப்படியே வேண்டும். அந்த நிறுவனத்துக்கு IX, இண்டிகோ என்றால் 6E, எமிரேட்ஸ் என்றால் EK. அந்த எண்ணைத் தட்டினால் விமானம் எங்கே வருகிறது, எத்தனை நிமிஷம் தாமதம், எத்தனை நிமிஷம் முந்தி என்று போனிலேயே தெரிந்துவிடும், அதனால் உன்னிடம் கேட்காமலே டிரைவர் பார்த்துக்கொள்வார். ஏர்போர்ட்டின் குறியெழுத்தையும் சேர்த்து எழுது: திருவனந்தபுரத்துக்கு TRV. திருச்சிக்கு TRZ, அதனால் ஒரு எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும். பி.என்.ஆர். எண்ணைக் கேட்டால் கொடுக்காதே, டிக்கெட்டின் படத்தை முழுசாக அனுப்பவும் வேண்டாம். அந்த எண்ணும் பயணியின் கடைசிப் பெயரும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் விமான நிறுவனத்தின் தளத்தில் அந்த டிக்கெட்டைத் திறக்க முடியும். கார் அனுப்புகிறவருக்கு அது எதற்கும் தேவையில்லை, விமான எண் போதும்.

உன் அக்கா நேராக வருகிறாள், அது நல்லது. இதே மாதிரி எழுதப் போகிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: மும்பை வழியாகவோ பெங்களூரு வழியாகவோ மாறி வருவதாக இருந்தால், எழுத வேண்டியது கடைசியாக ஏறுகிற விமானத்தின் எண். குடியேற்றச் சோதனையும் கஸ்டம்ஸும் பெரும்பாலும் இந்தியாவில் முதலில் இறங்குகிற இடத்திலேயே முடிந்துவிடும், அங்கிருந்து திருவனந்தபுரம் வரும்போது அவர்கள் உள்நாட்டுப் பயணிகள். "துபாயிலிருந்து வருகிறார்கள்" என்று எழுதிவிட்டால் டிரைவர் சர்வதேச வாசலில் போய் நிற்பார், அவர்கள் வேறு வாசல் வழியாக வெளியே வந்து நிற்பார்கள்.

அந்த வேறு வாசல் எவ்வளவு தூரம் என்பதுதான் திருவனந்தபுரத்தில் முக்கியம். வேறு பல ஊர்களில் டெர்மினல் மாறினால் நடந்தே போய்விடலாம். இங்கே அது முடியாது. டெர்மினல் 1 சங்குமுகம் பக்கம், கடற்கரையை ஒட்டி. டெர்மினல் 2 சாக்கை பக்கம், பைபாஸ் ரோட்டை ஒட்டி. நடுவில் ஓடுபாதை. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக வேண்டும் என்றால் வெளியே சாலைக்கு வந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், பெட்டியும் பிள்ளைகளுமாக நடக்கிற காரியம் இல்லை. சாக்கை பக்கத்துக் கட்டடம் 2011-இல் திறந்தது. அதற்கு முன்னால் வெளிநாட்டு விமானத்துக்கும் சங்குமுகம் பக்கம்தான் போவோம், அந்த நினைவில் "கடற்கரை ஏர்போர்ட்" என்று இன்னும் சொல்கிற பெரியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வழி சொல்வதை அவர்களிடம் விட்டுவிடாதே.

துபாய் விமானம் டெர்மினல் 2-க்குத்தான் வரும், மெயிலில் T2, சாக்கை பக்கம் என்று இரண்டையும் எழுது. எண் மறந்தாலும் பக்கம் நினைவில் நிற்கும். உள்நாட்டு விமானம் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு டெர்மினல் 1 என்று எழுதிவிடக் கூடாது, சில உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 2-இலும் வந்து போயிருக்கின்றன. டிக்கெட்டில் அச்சாகியிருப்பதைப் பார், பயணத்துக்கு முந்தின நாள் மறுபடியும் ஒரு தடவை பார். இந்தக் குழப்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது தெரியுமா? போனில் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள். டிரைவர் "நான் வாசல்லதான் நிக்கேன்" என்பார், இவர்களும் "நாங்களும் வாசல்லதான் நிக்கோம்" என்பார்கள், இருவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். இப்படி ஒரு நிமிஷத்துக்கு மேல் போனால் வாசலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு டெர்மினல் எண்ணைக் கேட்க வேண்டும். அத்தானிடம் இதைச் சொல்லி வை.

இனி சந்திக்கிற இடம். நம் நாட்டு ஏர்போர்ட்டுகளில் டிக்கெட் இல்லாத ஆளை உள்ளே விட மாட்டார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் கஸ்டம்ஸ் தாண்டினதும் கூடத்துக்குள்ளேயே பலகை பிடித்துக்கொண்டு ஆள் நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் உள்ளேயே தேடுவார்கள். டிரைவர் வெளியே, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார். இன்னொன்று, ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே போக முடியாது, பாதுகாப்புக்கு நிற்கிறவர்கள் அனுமதிக்க மாட்டார்கள். அதனால் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, பணம் மாற்றுவது, டிரைவருக்குப் போன் செய்து பார்ப்பது, எல்லாம் கதவுக்கு உள்ளேயே முடிந்திருக்க வேண்டும். வயசான அத்தை கூட வருகிறார் என்றால் இது இன்னும் முக்கியம், உள்ளே உட்கார நாற்காலியும் ஏசியும் இருக்கும். டிரைவர் வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு கதவைத் தாண்டினால் போதும்.

அப்புறம், "ஏர்போர்ட்டில் சந்திப்போம்" என்றால் டிரைவர்களிடம் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, அவரே பெயர்ப்பலகையோடு வாசலில் நிற்பது. மற்றது, பார்க்கிங் கட்டணத்தை மிச்சப்படுத்த வண்டியை வெளியே எங்கேயாவது ஓரம்கட்டி அதிலேயே கண்ணயர்ந்திருந்து, நீங்கள் போன் செய்ததும் ஓட்டி வந்து ஏற்றிக்கொள்வது. இரண்டாவது முறை தப்பு என்று சொல்ல மாட்டேன், தனியாக ஒரு பையோடு வருகிற உள்ளூர் ஆளுக்கு அது போதும். ஆனால் அது முழுக்க போனை நம்பி இருக்கிறது. துபாய் சிம் இங்கே ரோமிங் இல்லாமல் வேலை செய்யாது, அத்தானுடைய பழைய இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கலாம், ஏர்போர்ட் வைஃபையில் நுழையப் பார்த்தால் அது பெரும்பாலும் போனுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்று சொல்லும், போனே வேலை செய்யாதபோது ஓடிபி எங்கே வரும். ஆகவே சந்திக்கிற இடத்தை, போன் ஒன்றுமே வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு எழுது. டிரைவர் வண்டியை பார்க்கிங்கில் போட்டுவிட்டு, பலகையோடு, வருகை வாசலுக்கு நேர் எதிரே தடுப்புக் கம்பி ஓரத்தில் நிற்க வேண்டும், பார்க்கிங்கில் அல்ல, சாலையில் அல்ல. பார்க்கிங் பணத்தை நாங்கள் தருகிறோம் என்று அதே வரியில் எழுதிவிடு. டிரைவர்கள் வெளியே நிற்பதற்குக் காரணமே அந்தப் பணம்தான், அதை நாமே எடுத்துச் சொல்லிவிட்டால் அவர் உள்ளே வருவதற்குத் தயங்க மாட்டார்.

டீக்கடைப் பக்கம், டாக்ஸி கவுண்டர் பக்கம் என்றெல்லாம் அடையாளம் சொல்லாதே. மூன்று மணிக்குக் கடை மூடியிருக்கலாம், கவுண்டரை இடம் மாற்றியிருக்கலாம். அந்த இடத்தை வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிறவர் டிரைவர்தான், அவர் வழக்கமாக நிற்கிற இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். போன வாரம் எடுத்த போட்டோ இருந்தாலும் போதும். அதை அத்தான் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே போனில் சேமித்து வைத்துக்கொள்ளட்டும், வாட்ஸ்அப்பில் திறக்காமல் கிடந்தால் இங்கே வந்து நெட் இல்லாமல் திறக்க முடியாது. இன்னும் ஒரு விதி: வந்தவர்கள் அசையக் கூடாது, தேடி வருவது டிரைவர். இரண்டு பேரும் நடந்தால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடுவார்கள்.

பலகையில் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வேண்டும், பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி. மலையாளி டிரைவருக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ரூம் உன் பெயரில் போட்டிருப்பதால் ஹோட்டல்காரர்கள் உன் பெயரைத்தான் பலகையில் எழுதிக் கொடுப்பார்கள், அத்தான் தன் பெயரைத் தேடிக்கொண்டே அதைக் கடந்து போய்விடுவார். ஆகையால் "ரூம் என் பெயரில், பலகை இந்தப் பெயரில்" என்று பிரித்து எழுத வேண்டும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. 3.10 என்பது விமானம் வந்து நிற்கிற நேரம். அதற்குப் பிறகு குடியேற்ற வரிசை, பெல்டில் பெட்டி, கஸ்டம்ஸ். ஐந்து பேர், அதில் ஒரு வயசானவர் என்றால் வெளியே வர முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சில ராத்திரி விமானம் இருபது நிமிஷம் முந்தியும் வந்துவிடும். ஆகவே 3.30-லிருந்து வாசலில் நிற்கவும், 5.30 வரை காத்திருக்கவும் என்று இரண்டு எல்லையையும் எழுது. எல்லை இல்லாவிட்டால் டிரைவர் 4.15-க்குப் பொறுமை இழந்து ஹோட்டலுக்குப் போன் போடுவார், அங்கே தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆள் "வந்துடுங்க" என்று சொல்லிவிடக்கூடும்.

வண்டி அளவை லேசாக நினைக்காதே. ஐந்து பேருக்கு இன்னோவா போதும் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள், உட்கார்வதற்குப் போதும்தான். ஆளுக்கு 30 கிலோ என்றால் 150 கிலோ, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அதில் ஒரு கிலோகூட மிச்சம் வைக்க மாட்டார்கள், ஏழெட்டுப் பெட்டி இருக்கும், கைப்பை தனி. இன்னோவாவில் கடைசி சீட்டை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு பெட்டிக்கு மேல் நிற்காது. கடைசி சீட்டை மடக்கினால் நடுவில் மூன்று பேர், முன்னால் ஒருவர், ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. ஆகவே மேலே கேரியரும் கயிறும் தார்ப்பாயும் உள்ள வண்டி வேண்டும், இல்லையென்றால் டெம்போ டிராவலர். பெட்டி எத்தனை என்று எண்ணிக்கையோடு எழுது.

பணமும் எழுத்தில் வர வேண்டும். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், வண்டி காலியாகப் போய் ஆளோடு திரும்புவதால் போக வர இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள், அது நியாயம்தான். தகராறு வருவது மற்றவற்றில். களியக்காவிளை தாண்டினால் வேறு மாநிலம், வண்டியின் பெர்மிட் எந்த வகை என்பதைப் பொறுத்து நுழைவுக்குப் பணம் கட்ட வேண்டி வரலாம். பைபாஸ் வழி வந்தால் திருவல்லத்தில் டோல் உண்டு. பார்க்கிங், காத்திருப்பு, டிரைவர் பேட்டா. "இவை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, ரூம் பில்லில் சேருமா, டிரைவர் கையில் தர வேண்டுமா" என்று ஒரே வாக்கியத்தில் கேள். கேட்காவிட்டால் விடிகாலையில் தூக்கமில்லாமல் வந்து இறங்குகிற அத்தான் ரோட்டில் நின்று கணக்குப் பேச வேண்டியிருக்கும்.

சரி, மெயிலைப் பார். தமிழிலேயே எழுதலாம், மேஜையில் இருப்பவர் நாகர்கோவிலோ கொட்டாரமோ, நம் ஆள்தான். விமான எண்ணும் டெர்மினலும் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். நான் புள்ளி வைத்திருக்கிற இடங்களில் உன் விவரங்களைப் போட்டுக்கொள்.

பொருள்: ஏர்போர்ட் பிக்கப், ஏப்ரல் 19 ஞாயிறு அதிகாலை 03:10, TRV T2, 5 பேர், ரூம் முன்பதிவு எண் .....

வணக்கம்.

என் பெயரில் ஏப்ரல் 19 முதல் இரண்டு ரூம் முன்பதிவு செய்திருக்கிறேன் (எண் .....). துபாயிலிருந்து வரும் என் அக்கா குடும்பத்தை திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவர ஒரு வண்டி வேண்டும். கீழே உள்ளதை அப்படியே டிரைவருக்கு அனுப்பலாம்.

நாள்: ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 03:10, இந்திய நேரம். (சனிக்கிழமை இரவு 12 மணிக்குப் பிறகு. வண்டி சனிக்கிழமை நள்ளிரவில் கன்னியாகுமரியிலிருந்து கிளம்ப வேண்டும்.)
விமானம்: IX ....., துபாய் – திருவனந்தபுரம் (TRV), நேரடி விமானம்.
டெர்மினல்: T2, சர்வதேச டெர்மினல், சாக்கை பக்கம். சங்குமுகம் பக்கம் அல்ல.
சந்திக்கும் இடம்: வருகை வாசலுக்கு வெளியே, வாசலுக்கு நேர் எதிரே, தடுப்புக் கம்பி ஓரம். டிரைவர் பெயர்ப்பலகையோடு அங்கேயே நிற்க வேண்டும், வண்டியிலோ பார்க்கிங்கிலோ அல்ல. பார்க்கிங் கட்டணம் நாங்கள் தருகிறோம்.
பலகையில்: ..... (ஆங்கிலப் பெரிய எழுத்தில். ரூம் என் பெயரில், பலகை இந்தப் பெயரில்.)
காத்திருப்பு: 03:30 முதல் 05:30 வரை. விமானம் தாமதமானால் அந்த அளவு தள்ளி.
ஆட்கள்: பெரியவர்கள் 3 (ஒருவர் வயதானவர்), பிள்ளைகள் 2. பெரிய பெட்டி 8. மேலே கேரியர், கயிறு, தார்ப்பாய் உள்ள வண்டி வேண்டும்.
போன்: அத்தான் ..... (இறங்கிய பிறகு மட்டும் கிடைக்கும்). நான் ..... (இரவு முழுக்க விழித்திருப்பேன்).

டிரைவர் அதற்கு முந்தின பகலில் நீண்ட ஓட்டம் போகாதவராக இருந்தால் நல்லது. பெர்மிட், டோல், பார்க்கிங், காத்திருப்பு, பேட்டா எல்லாம் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவு, ரூம் பில்லில் சேருமா என்று எழுதுங்கள். அவர்கள் காலை 7 மணி அளவில் ஹோட்டல் வந்து சேர்வார்கள், அப்போதே ரூம் கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள். வெளியே வந்து 30 நிமிடத்துக்குள் டிரைவரைக் காணவில்லை, போனும் கிடைக்கவில்லை என்றால் அவர்கள் ப்ரீபெய்டு டாக்ஸியில் வந்துவிடுவார்கள், அப்போது இந்தத் தொகை எங்கள் பில்லில் சேரக் கூடாது.

பதிலில் நாள், நேரம், டெர்மினல் மூன்றையும் நீங்களே ஒருமுறை எழுதி உறுதிப்படுத்துங்கள். டிரைவர் பெயர், போன் எண், வண்டி எண், அவர் நிற்கும் இடத்தின் போட்டோ ஆகியவற்றை 17-ம் தேதி மாலைக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

மெயில் இவ்வளவுதான். கடைசிப் பத்தியில் அவர்களையே திருப்பி எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. "நோட்டட்", "ஓகே சார்" என்று வருகிற பதிலை உறுதி என்று எடுத்துக்கொள்ளாதே, அது மெயில் திறக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. பதிலில் "19 அதிகாலை, T2" என்று அவர்கள் கையால் எழுதியிருந்தால் ஒருவர் உண்மையில் வாசித்திருக்கிறார். "18 நைட் கன்ஃபர்ம்ட்" என்று வந்தால் உடனே போனை எடு, இன்னொரு மெயில் எழுதிக்கொண்டிருக்காதே.

சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு மேல் ஹோட்டலுக்கு ஒரு போன் போடு. அதற்குள் நைட் ஷிஃப்ட் ஆள் வந்திருப்பார், மெயில் அவர் கண்ணில் பட்டிருக்காது, நோட்டில் இருக்கிற ஒரு வரிதான் அவருக்குத் தெரியும். "நோட்டில் என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள்" என்று கேள். நீயாக விவரத்தைச் சொல்லி "சரிதானே" என்று கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார். பிறகு 12 மணி வாக்கில் டிரைவருக்கே ஒரு போன், கிளம்பிவிட்டாரா என்று. மார்த்தாண்டம் தாண்டினதும் ஒரு மெசேஜ் போடச் சொன்னால் போட்டுவிடுவார், கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும், அவர் 3 மணிக்கு முன்னாலேயே சாக்கை போய்ச் சேர்ந்துவிடுவார்.

அத்தானுக்கு அனுப்ப வேண்டியது, மெயிலின் நடுவில் இருக்கிற அந்தத் துண்டும், டிரைவர் எண்ணும், வண்டி எண்ணும், அந்த போட்டோவும். அவர் 18-ம் தேதி சாயங்காலம் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அனுப்பு, ஒரு தாளிலும் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல், போன் சார்ஜ் தீர்ந்தால் அந்தத் தாளைக் காட்டி பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது ஒரு போன் வாங்கிப் பேசிவிடலாம்.